இல்லாததைச் சொல்லும் இறந்தகாலம்

திருப்பூரில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், குவாலிட்டி பார்க்கிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். சட்டையில் பஞ்சுத் தூசி இருக்கும். கையில் போன் இருக்கும். போனில் வெளிநாட்டு பையர் அனுப்பிய மெயில் இருக்கும். எங்கள் பாடப்புத்தகம் பெரும்பாலும் அந்த மெயில்தான்.

ஒருநாள் ஒரு மெர்ச்சண்டைசர் பெண் வகுப்புக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. போனை என்னிடம் நீட்டினார். பையர் எழுதியிருந்த மெயிலில் ஒரு வரி: ‘ஐ விஷ் ஐ குட் கிவ் யூ அனதர் வீக்.’

“விஷ்னா விருப்பந்தானுங்களே சார்? இன்னொரு வாரம் கொடுக்க விரும்பறேன்னுதானுங்களே எழுதியிருக்கறாரு?”

அப்படித்தான் அவர் புரிந்துகொண்டிருந்தார். புரிந்துகொண்டதை புரொடக்‌ஷன் மேனேஜரிடமும் சொல்லியிருந்தார். ஒரு வாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர்களும் தையல் லைனை வேறொரு ஆர்டருக்குத் திருப்பிவிட்டார்கள். சரக்கு எப்போது கிளம்புகிறது என்று பையர் மறுபடி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தது.

பையர் ஏமாற்றவில்லை. ‘முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் எவ்வளவு தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்ல முடியுமோ அப்படிச் சொல்லியிருந்தார். அந்த ‘முடியாது’ ஒளிந்திருந்த இடம் ‘விஷ்’ அல்ல, ‘குட்’. ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம் அது. அவர் பேசுவது நடந்து முடிந்த விஷயத்தை அல்ல, வரப்போகிற வாரத்தை. பிறகு இறந்தகாலம் எதற்கு? அதைப் பார்த்தவுடன் ஆங்கிலம் தெரிந்தவர் காதில் ‘என்னால் கொடுக்க முடியாது’ என்று விழுந்துவிடும். அந்தப் பெண்ணின் காதில் விழவில்லை. காரணம் அவருடைய கவனக்குறைவு அல்ல. நாம் அந்தச் சொல்லைக் கற்ற விதத்தில் அது இருக்கிறது, நம் மொழி அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது.

கற்ற விதத்தை முதலில் சொல்கிறேன். நம் ஊர்க் கையேடுகளில் ‘விஷ்’ என்றால் ‘விரும்பு’ என்று போட்டிருக்கும். ‘ஐ விஷ் டு ஸ்பீக் டு த மேனேஜர்’ என்ற இடத்தில் அந்தப் பொருள் சரி. மேனேஜரிடம் பேச விரும்புகிறேன் என்பதைச் சற்றுச் சம்பிரதாயமாகச் சொல்வது அது. பிறந்தநாள் வாழ்த்திலும் ‘விஷ்’ வருகிறது. ஆனால் ‘ஐ விஷ்’ என்பதற்குப் பின்னால் முழு வாக்கியம் ஒன்று, எழுவாயும் வினையுமாக, வந்துவிட்டால் அங்கே ‘விரும்பு’ வேலை செய்யாது. அந்த ‘விஷ்’ஷுக்குத் தமிழில் தனி வினைச்சொல் இல்லை. ஆனால் நாம் அதை எப்படிச் சொல்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும்: ‘இன்னொரு வாரம் கொடுக்க முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்’ என்று இழுப்போம். அந்த ‘தான்’னிலும் இழுப்பிலும் ‘முடியாது’ இருக்கிறது. ஆங்கிலம் இழுக்காது. வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

அன்றைய வகுப்பில் எல்லோருக்கும் நான் சொன்னது ஒரே ஒரு பழக்கம். ‘ஐ விஷ்’ வாக்கியம் எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு உண்மை தலைகீழாகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த உண்மையை வெளியே எடுங்கள்.

‘ஐ விஷ் ஐ ஹேட் எ கார்.’ உண்மை என்ன? என்னிடம் கார் இல்லை. எப்போது இல்லை? இப்போது. உண்மையில் ‘இல்லை’ இருந்தால் வாக்கியத்தில் ‘உண்டு’ வரும். உண்மையில் ‘உண்டு’ இருந்தால் வாக்கியத்தில் ‘இல்லை’ வரும். ‘ஐ விஷ் ஐ டிடின்ட் லிவ் சோ ஃபார்’ என்கிறார் ஒருவர். அவர் தூரத்தில்தான் குடியிருக்கிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ‘டிட்’ என்ற இறந்தகாலத்தைப் பார்த்து, முன்பு தூரத்தில் இருந்தார் போலும் என்று எண்ணிவிடக் கூடாது.

எழுதும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். உண்மையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உண்டு என்பதை இல்லை என்றும், இல்லை என்பதை உண்டு என்றும் மாற்றுங்கள். பிறகு காலத்தில் ஒரு படி பின்னால் போங்கள். உண்மை நிகழ்காலத்தில் இருந்தால் ஒரு படி பின்னால் பாஸ்ட் சிம்பிள். உண்மையே இறந்தகாலத்தில் இருந்தால், அதற்கும் ஒரு படி பின்னால் பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது ‘ஹேட்’ போட்டு வினையின் மூன்றாம் வடிவம். இந்த இலக்கணத்தின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

ஆனால் இறந்தகாலம் எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்காமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மெயில் எழுதும் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். அதனால் இதற்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்குவேன்.

இறந்தகாலம் என்றால் ‘முன்பு நடந்தது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதைவிட ‘இங்கே, இப்போது அல்ல’ என்று புரிந்துகொள்வது பயன்படும். நேற்று என்பது இப்போதிலிருந்து விலகி நிற்கும் ஒரு இடம். இல்லாத கார், கொடுக்க முடியாத வாரம், இவையும் நாம் நிற்கும் இந்த நிஜத்திலிருந்து விலகி நிற்பவைதான். இரண்டு விலகலையும் ஆங்கிலம் ஒரே வினை வடிவத்தால் காட்டுகிறது. 2002-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இதை நிஜத்திலிருந்து கொள்ளும் தொலைவு என்ற கருத்தால்தான் விளக்குகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், சபீன் இயாட்ரிடூ என்ற மொழியியலாளர் நவீன கிரேக்க மொழியை முக்கியச் சான்றாகக் கொண்டு இதே புதிரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை மொழியியலில் பெயர்பெற்றது. காலத்தைப் பற்றிப் பேசும்போது அந்த வடிவம் ‘பேசுகிற இந்த நேரம் அல்ல’ என்கிறது. நிஜத்தைப் பற்றிப் பேசும்போது ‘பேசுகிற இந்த உலகம் அல்ல’ என்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றே, விலக்கிக் காட்டுவது. பிரெஞ்சு மொழியிலும் ‘என்னிடம் இருந்தால்’ என்ற நிஜமல்லாத பேச்சுக்கு இறந்தகால வடிவம்தான் வருகிறது. இது ஆங்கிலேயரின் தனிப் பிடிவாதம் அல்ல.

தமிழருக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்தேன்’, ‘வந்தான்’ என்பவற்றில் இருக்கும் அதே ‘வந்த்’ இதிலும் இருக்கிறது. ‘போனால்’ என்பதில் ‘போனேன்’ இருக்கிறது. ‘படித்தால்’ என்பதில் ‘படித்தேன்’ இருக்கிறது. ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்கிறோம். நாளை என்பது எதிர்காலம், ‘பெய்த்’ என்பது இறந்தகால அடி. இந்த முரண் நம் கண்ணில் படுவதே இல்லை. பழைய இலக்கண ஆசிரியர்களும் காலம் மயங்கி வருவதை அறிந்திருந்தார்கள். இன்னும் நடக்காததை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலில் இடம் கொடுக்கிறது. நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களையும் சேர்த்துக் காலவழுவமைதி என்கிறது. வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லாதவர் யார்? கிளம்பவே இல்லை, ஆனால் ‘வந்துட்டேன்’. வினை வடிவம் ஒரு காலத்தைக் காட்ட, பொருள் வேறொரு காலத்தில் இருக்கலாம் என்பது நமக்குத் தாய்ப்பால் வழி வந்த அறிவு.

அப்படியானால் சிக்கல் எங்கே? நம் ‘-ஆல்’ நிஜமாகக்கூடியதையும் நிஜமல்லாததையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறது. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பையில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னும் பார்க்காதவரும் சொல்லலாம். ஒரு பைசா இல்லை என்று தெரிந்தவரும் சொல்லலாம். கேட்பவர் குரலையும் சூழ்நிலையையும் வைத்துப் பிரித்துக்கொள்வார். ஆங்கிலம் இந்த இரண்டையும் வினையிலேயே பிரித்துவிடுகிறது. ‘இஃப் ஐ ஹேவ்’ என்றால் இருக்கவும் கூடும். ‘இஃப் ஐ ஹேட்’ என்றால் இப்போது இல்லை என்றே பெரும்பாலும் பொருள். ‘விஷ்’ஷுக்குப் பின்னால் அந்த முதல் வகைக்கு இடமே கிடையாது. அதனால்தான் ‘ஐ விஷ் ஐ ஹேவ் எ கார்’, ‘ஐ விஷ் ஐ கேன் கம்’ என்று நம்மவர்கள் எழுதும்போது ஆங்கிலம் பேசுபவருக்குக் கல் தட்டுகிறது.

நடந்து முடிந்ததைப் பற்றிய ஏக்கத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே தமிழ் மிகத் தெளிவாக இருக்கிறது. ‘வந்திருந்தால்’ என்றால் வரவில்லை. ‘கேட்டிருக்கலாமே’ என்றால் கேட்கவில்லை. அந்த ‘இரு’ ஆங்கிலத்தின் ‘ஹேட்’ செய்யும் வேலையைச் செய்கிறது. அதனால் என் வகுப்பில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்றதும் முதலில் பயந்தவர்கள், ‘இருந்தால் வரும் இடத்தில் ஹேட் போடுங்கள்’ என்றதும் பத்து நிமிடத்தில் சரியாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். எளிது என்று நினைத்த பாஸ்ட் சிம்பிள்தான் கடைசி வரை சறுக்கும்.

இந்த ‘இரு’ ஒரு இடத்தில் காலை வாரும். ‘எனக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா இப்பவே குதிச்சிருப்பேன்’ என்கிறோம். நீச்சல் தெரியாதது எப்போது? இப்போது. ஆனால் தமிழில் ‘இரு’ வந்துவிட்டது. நிஜமல்ல என்பதை அழுத்திச் சொல்ல, நிகழ்காலத்துக்கும் அந்த ‘இரு’வை நாம் கடன் வாங்குகிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஹேட் நோன்’ என்று வந்து நிற்கும். ஆங்கிலக் காதுக்கு அது அன்றைக்கு எப்போதோ தெரியாமல் இருந்ததைச் சொல்வதாகப் படும். இன்றைய தெரியாமைக்கு ‘நியூ’ என்ற பாஸ்ட் சிம்பிள் போதும். ஒரு மாணவர் எழுதினார்: ‘ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் எ பைக்.’ இலக்கணப்படி வாக்கியத்தில் பிழை இல்லை. அவர் சொல்ல நினைத்தது, இப்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கஷ்டத்தை. வாக்கியம் சொன்னதோ, முன்பொரு நாள் பைக் இல்லாமல் போன கதையை. இந்தப் பிழையை இலக்கணத்தை மட்டும் பார்க்கும் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ‘எப்போது இல்லை?’ என்று எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும்.

மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் திரும்புவோம். நடந்ததற்கு அவர் பையருக்கு மெயில் எழுத வேண்டியிருந்தது. அவருடைய சொந்தக் கவலை இன்னொன்றும் இருந்தது. அதே ஆர்டரில் ஒரு நிறத்தில் ஷேடு மாறிப்போயிருந்தது. சாயம் போடும் முன் லேப் டிப் என்று சிறு துண்டுத் துணியில் நிறம் போட்டுப் பையரிடம் ஒப்புதல் வாங்குவார்கள். ஒப்புதல் வாங்கிய துண்டோடு மொத்தத் துணியை ஒட்டிப் பார்த்த பிறகுதான் கட்டிங் மேசைக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் அந்தப் பார்வை தவறிவிட்டது. வெட்டிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதினோம். உண்மையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். “கட்டிங்குக்கு முன்னால ஷேடு செக் பண்ணலைங்க.” எப்போது பண்ணவில்லை? போன வாரம். உண்மையே இறந்தகாலத்தில் இருக்கிறது. தலைகீழாக்கினால் ‘செக் பண்ணினோம்’. ஒரு படி பின்னால் போனால் ‘ஹேட் செக்ட்’. எழுதினார்: ‘ஐ விஷ் வீ ஹேட் செக்ட் த ஷேடு பிஃபோர் கட்டிங்.’ சரியான வாக்கியம். தப்பு எங்கள் பக்கம் என்று ஒப்புக்கொள்கிறது, அதற்காக வருந்துகிறது, இனிச் சரிசெய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறது.

அடுத்ததாக அவர் எழுதிய வரி என்னை நிறுத்தியது: ‘ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் அஸ் க்ளியர்லி.’ இலக்கணம் முழுக்கச் சரி. அதைப் பணிவான வரி என்று நினைத்துத்தான் எழுதியிருந்தார். ‘விஷ்’ என்ற சொல்லின் மென்மை அவருக்கு அப்படித் தோன்றச் செய்தது. உள்ளே கிடக்கும் உண்மையை வெளியே எடுக்கச் சொன்னேன்.

“நீங்க எங்ககிட்டத் தெளிவாச் சொல்லலை.” சொல்லி முடித்ததும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ சார், சண்டைக்குப் போற மாதிரி இருக்குதுங்க.”

அப்படித்தான். ‘விஷ்’ஷுக்குப் பின்னால் ‘யூ’ வந்து, அதற்குப் பின்னால் ‘ஹேட்’ வந்தால் அது பெரும்பாலும் குறை சொல்வது. வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும்போது, ‘முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?’ என்ற தொனி. வியாபாரக் கடிதத்தில் அதைத் தெரிந்து எழுதலாம், தெரியாமல் எழுதக் கூடாது. அந்த வரியை அடித்துவிட்டார்.

எல்லாப் பிழைகளிலும் நம்மிடம் அதிகம் காண்பது ‘ஐ விஷ் யூ வில் அப்ரூவ் த சாம்பிள்’ என்பது. சாம்பிளை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன் என்பதைச் சொல்ல நினைக்கிறார்கள். அதற்கு உரிய சொல் ‘ஹோப்’. கதவு திறந்திருக்கும்போது ‘ஹோப்’. அதற்குப் பின்னால் சாதாரண நிகழ்காலமோ ‘வில்’லோ வரும், பின்னால் போகும் வேலையே இல்லை. நடந்து முடிந்தாலும் முடிவு நமக்குத் தெரியாவிட்டால் ‘ஹோப்’தான். ‘ஐ ஹோப் யூ காட் த சாம்பிள்’ என்றால் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது, கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘ஐ விஷ் யூ ஹேட் காட் த சாம்பிள்’ என்றால் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமைக்கு ஒன்று, இல்லை என்று தெரிந்ததற்கு மற்றொன்று.

‘விஷ்’ஷோடு ‘வுட்’ வருவது தனி வழி. மழை நின்றால் தேவலையே, பையர் பதில் போட்டால் தேவலையே என்று, நம் கையில் இல்லாத ஒன்று மாற வேண்டும் என்று தவிக்கும்போது ‘ஐ விஷ் ஹி வுட் ரிப்ளை’ என்பார்கள். அதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். தன்னைப் பற்றியே ‘ஐ விஷ் ஐ வுட்’ என்று சொல்வது வழக்கத்தில் அபூர்வம். நான் செய்வதும் செய்யாததும் என் கையில் இருக்கும்போது அதற்காக நானே தவிப்பது பொருந்தாது. முடியவில்லை என்றால் ‘குட்’ இருக்கிறது.

‘இஃப் ஒன்லி’ என்பதைக் கற்றுக்கொடுக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதற்குத் தமிழில் அச்சு அசலான சொல் இருக்கிறது: ‘மட்டும்’. ‘அன்னைக்கு மட்டும் நான் போயிருந்தேன்னா...’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோமே, அதேதான். ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் கான்.’ அங்கேயும் அந்த வாக்கியம் பாதியிலேயே நிற்கலாம், மீதியைக் கேட்பவர் மனதில் முடித்துக்கொள்வார். காலத்துக்கான விதி ‘விஷ்’ஷுக்கு உள்ளதேதான். இப்போதைய இல்லாமைக்குப் பாஸ்ட் சிம்பிள், கடந்துபோனதற்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட். வேறுபாடு உணர்ச்சியின் அளவில். ‘விஷ்’ பெருமூச்சு என்றால் ‘இஃப் ஒன்லி’ நெஞ்சில் அடித்துக்கொள்வது. அதனால் அலுவலக மெயிலில் அதற்கு அதிகம் வேலை இல்லை. சொற்களை மாற்றி ‘ஒன்லி இஃப்’ என்று எழுதிவிட்டால் பொருள் அடியோடு மாறிவிடும். அது ‘இப்படி இருந்தால் மட்டுமே’ என்று நிபந்தனை போடுவது.

‘இஃப் ஐ வேர்’, ‘ஐ விஷ் ஐ வேர்’ என்பதைக் கேட்டு, ஒருமைக்கு ‘வாஸ்’ அல்லவா என்று கேட்பார்கள். ‘வேர்’ ஒரு பழைய வீட்டில் மிஞ்சி நிற்கும் தூண். பழைய ஆங்கிலத்தில் நிஜமல்லாததைச் சொல்ல வினைக்குத் தனி வடிவங்கள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போகச் சொல்லின் கடைசி அசைகள் தேய்ந்தன. தேய்ந்த பிறகு அந்தத் தனி வடிவங்களும் சாதாரண இறந்தகால வடிவங்களும் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ என்பவற்றோடு வரும் இந்த ‘வேர்’ ஒன்றில்தான் பழைய வேறுபாடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று பேச்சில் ‘ஐ விஷ் ஐ வாஸ்’ என்று பலரும் சொல்கிறார்கள், அதைத் தவறு என்று ஒதுக்க முடியாது. தேர்விலும் கடிதத்திலும் ‘வேர்’ போடுவது நல்லது.

போனில் பேசும்போது இன்னொரு தொல்லை உண்டு. ‘ஐ ஹேட்’ என்பதை அவர்கள் ‘ஐட்’ என்று சுருக்கிவிடுவார்கள். அடுத்து வரும் சொல்லோடு அந்த ‘ட்’ ஒட்டிக் காணாமலும் போகும். ‘ஐ விஷ் ஐட் செக்ட்’ என்பதில் ‘ஹேட்’ இருந்ததா என்று நம் காதுக்குத் தெரியாது. வினையின் மூன்றாம் வடிவம் இரண்டாம் வடிவத்திலிருந்து வேறுபடும் சொற்களில் தப்பித்துக்கொள்ளலாம். ‘நோன்’ என்று காதில் விழுந்தால் ‘ஹேட்’ இருந்திருக்கிறது, ‘நியூ’ என்று விழுந்தால் இல்லை. மற்ற இடங்களில் பேச்சின் போக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நேற்றைய விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது வந்தால் அது கழிவிரக்கம்.

இன்னொரு சந்தேகம் எப்போதும் வரும். ‘விஷ்’ என்ற வினையே இறந்தகாலத்துக்குப் போனால், ‘ஐ விஷ்ட்’ என்றால், பின்னால் வருவதை இன்னொரு படி தள்ள வேண்டுமா? வேண்டாம். சின்ன வயதில் எனக்கு அக்கா இல்லையே என்று ஏங்கினேன் என்பதற்கு ‘ஐ விஷ்ட் ஐ ஹேட் எ சிஸ்டர்’ என்றே வரும். ஏங்கிய நேரமும் அக்கா இல்லாத நேரமும் ஒன்று. படிக் கணக்கு நாம் பேசும் இந்த நேரத்திலிருந்து அல்ல, ஏங்கிய நேரத்திலிருந்து. ஏங்கியதற்கும் முன்பே நடந்துவிட்ட ஒன்றுக்காக ஏங்கினால்தான் ‘ஹேட்’டோடு மூன்றாம் வடிவம்.

இவ்வளவையும் முடித்த நாளில் எல்லோரையும் இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். கடந்ததற்கு ஒன்று, இப்போதைக்கு ஒன்று, மனதில் உண்மையாக இருப்பதை. வகுப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் நெடுநேரம் எழுதினார். நோட்டைக் கொண்டுவந்து காட்டியபோது இரண்டு வரிகளும் அவர் மகளைப் பற்றியவையாக இருந்தன. முதல் வரி: ‘ஐ விஷ் ஐ ஹேட் சென்ட் மை டாட்டர் டு காலேஜ்.’ இரண்டாவது: ‘ஐ விஷ் ஷி வேர் இன் காலேஜ்.’

இரண்டிலும் பிழை இல்லை. பிளஸ் டூவோடு பெண்ணை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன்.

“போன வருசந்தானுங்க சார். பத்தொம்பது வயசாகுது.”

“இனிமேச் சேர முடியாதுங்களா அண்ணா?”

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். “சேரலாமுங்க. ஜூன்ல அட்மிசன் போடறாங்கன்னாங்க.”

இரண்டாவது வரியில் ‘விஷ்’ஷின் மேல் கோடு போட்டு ‘ஹோப்’ என்று எழுதினார். அப்போது ‘வேர்’ என்னவாகும் என்று கேட்டார். சொன்னேன். அதையும் அடித்துவிட்டு, எழுத்துக் கூட்டி, ‘வில் பீ’ என்று மேலே எழுதினார். முதல் வரியை அப்படியே விட்டுவிட்டார்.